நெட்டின் மேல்விளிம்பில் ஒரு கடையின் பெயர்

ஊரில் ஓரளவு பெயரெடுத்த எந்தக் கடையிலும் கல்லாப்பெட்டி இழுப்பறையைத் திறந்தால் ஒரு கட்டு ரசீது இருக்கும். கோயில் கொடை, அன்னதானம், பள்ளி ஆண்டுவிழா, தெருவுக்குத் தெரு நடக்கும் போட்டிகள் எல்லாவற்றுக்கும் கொடுத்த பணத்தின் அடையாளம் அது. கல்லூரி விளையாட்டுக் கழகத்தின் கடிதமும் பெரும்பாலும் அங்கேதான் போய்ச் சேர்கிறது. 'எங்கள் கல்லூரியில் ஆண்டுதோறும் நடைபெறும் விளையாட்டுப் போட்டி இவ்வாண்டும் சிறப்புற நடைபெறத் தங்களால் இயன்ற நன்கொடை அளித்து உதவுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்' என்று ஒரு நீண்ட வாக்கியம், கீழே முத்திரை. கடைக்காரர் படித்துவிட்டு ஐந்நூறோ ஆயிரமோ எடுத்துக் கொடுப்பார். 'இயன்றது' என்று கேட்டதற்கு இயன்றதைக் கொடுத்தாயிற்று. அவர் கணக்கில் அது தர்மம். தர்மத்துக்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்க அந்தக் கடிதத்தில் காரணம் எதுவும் இல்லை.

அதே கடைக்காரர் தீபாவளிக்கு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊரைச் சுற்ற விடுகிறார், உள்ளூர் கேபிளில் விளம்பரம் ஓட்டுகிறார், செய்தித்தாளுக்குள் துண்டறிக்கை வைக்கச் சொல்லிப் பணம் தருகிறார். அவரிடம் விளம்பரத்துக்குப் பணம் இருக்கிறது. கல்லூரி மைதானமும் விளம்பரம் செய்யக்கூடிய ஓர் இடம் என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஸ்பான்சர் கடிதம் என்பது அதைச் சொல்லும் கடிதம். என்ன இடம், யார் பார்ப்பார்கள், என்ன விலை, சொன்னபடி செய்தோம் என்பதற்கு என்ன சாட்சி ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். அப்படியொரு கடிதம் எழுதுவது எளிதுதான். எழுதுவதற்கு முன் செய்ய வேண்டிய கணக்குதான் கொஞ்சம் வேலை வாங்கும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு மாவட்டத் தலைநகரில் உள்ள கலை அறிவியல் கல்லூரி. அதன் கைப்பந்துக் கழகம் அக்டோபர் இரண்டாம் வாரத்தில், எட்டுக் கல்லூரி அணிகளை அழைத்து இரண்டு நாள் நாக்-அவுட் போட்டி நடத்தப் போகிறது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தையும் சேர்த்தால் எட்டு ஆட்டங்கள். அணிக்கு 12 வீரர்களும் பயிற்சியாளர், மேலாளர் இருவரும் என்று வைத்தால் 112 பேர், தொண்டர்கள் 18 பேர், ஆக 130 பேருக்குச் சாப்பாடு. ஒரு மதியச் சாப்பாடு நூறு ரூபாய் என்றால் இரண்டு நாளைக்கு 26,000 ரூபாய். நடுவர்கள், கோட்டு நடுவர்கள், ஸ்கோர் எழுதுபவர் ஆகியோருக்கு 12,000. பரிசுத்தொகையும் கோப்பைகளும் 29,000. பந்தல், மைக், மைதானச் சீரமைப்பு 10,000. பந்துகள், சான்றிதழ் அச்சு, தண்ணீர், முதலுதவி 13,000. மொத்தம் 90,000. கல்லூரி நிர்வாகம் 30,000 தருகிறது. நுழைவுக் கட்டணம் அணிக்கு ஆயிரம் வீதம் 8,000. பற்றாக்குறை 52,000.

இந்த இடத்தில்தான் பல கழகங்கள் தடம் மாறுகின்றன. 52,000 ரூபாயைக் கையில் பிடித்துக்கொண்டு கடைவீதியில் இறங்கி, பெரிய கடையாகப் பார்த்து 'ஐம்பதாயிரம்' என்று கேட்கிறார்கள். பற்றாக்குறை என்பது கழகத்தின் கவலை. கடைக்காரருக்கு அதனோடு சம்பந்தமில்லை. அவரிடம் கேட்கும் தொகை, அவர் கடைக்கு என்ன கிடைக்கும் என்பதிலிருந்து புறப்பட வேண்டும். ஆகவே முதலில் நம்மிடம் விற்க என்ன இருக்கிறது என்று மைதானத்தில் நின்று பார்க்க வேண்டும்.

கைப்பந்து மைதானம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். பார்வையாளர்கள் அதன் இரு நெடும்பக்கங்களிலும் நிற்பார்கள். கைபேசியில் எடுக்கப்படும் நூறு படங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான் இருக்கும்: ஒருவர் எகிறி அடிக்கிறார், எதிரே இருவர் கையை உயர்த்தித் தடுக்கிறார்கள், நடுவில் நெட். அந்த நெட்டின் மேல்விளிம்பில் 7 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு வெள்ளைப் பட்டி உண்டு. மைதானத்திலேயே விலை அதிகம் பெறக்கூடிய இடம் அதுதான். ஸ்மாஷ் படம் எதை யார் எடுத்தாலும் பட்டி அதில் இருக்கும். உலக அளவிலான போட்டிகளில் அந்தப் பட்டியில் விளம்பரம் வருவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். தலைமை நடுவரிடம் முன்கூட்டியே காட்டி ஒப்புதல் வாங்கிவிட்டால் கல்லூரிப் போட்டியிலும் அதைச் செய்யலாம். அடுத்தது நெட் கம்பங்களைச் சுற்றிக் கட்டும் பஞ்சு உறை. அதன் பிறகு கோர்ட்டுக்கு வெளியே, வீரர்கள் ஓடும் இடத்தைத் தாண்டி வைக்கும் பலகைகள். பலகையைக் கூட்டத்தின் பக்கத்தில் வைத்தால் ஆட்கள் அதன் முன்னால் நின்று மறைத்துவிடுவார்கள். கூட்டம் எந்தப் பக்கம் அதிகமோ அதற்கு எதிர்ப்பக்கத்தில் வைத்தால்தான் கண்ணிலும் படத்திலும் விழும்.

சீருடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எல்லாக் கழகமும் முதலில் விற்க நினைப்பது சீருடையின் மார்பைத்தான். கைப்பந்து விதிப்படி மார்பில் உள்ள எண் குறைந்தது 15 சென்டிமீட்டர், முதுகில் 20 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். கடையின் பெயரைப் பெரிதாகப் போட்டு எண்ணைச் சுருக்கினால் நடுவர் ஏற்கமாட்டார். எண்ணுக்கு மேலே ஒரு வரியிலோ கையிலோ பெயர் வரும் என்று அளவோடு சொல்வதே சரி. பல்கலைக்கழகம் நடத்தும் போட்டிகளுக்கு வேறு சீருடை விதி இருக்கலாம் என்பதால், 'இந்தப் போட்டிக்கு மட்டும்' என்ற சொற்களையும் சேர்த்துவிட வேண்டும்.

விற்கக் கூடாத ஓர் இடமும் இருக்கிறது. 'ஊர் முழுக்க பேனர் வைப்போம், உங்கள் படத்தைப் பெரிதாகப் போடுவோம்' என்று வாக்குக் கொடுக்கும் கழகங்கள் இன்றும் இருக்கின்றன. 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் சாலையில் வைத்திருந்த பேனர் ஸ்கூட்டரில் சென்ற 23 வயதுப் பெண் பொறியாளர் மீது சரிந்து, பின்னால் வந்த லாரியில் அடிபட்டு அவர் இறந்தார். அதற்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் அனுமதியில்லாத பேனர்கள் விஷயத்தில் கடுமை காட்டியது. பொது இடத்தில் பேனர் வைக்க முறையான அனுமதி வேண்டும். அதை ஒரு மாணவர் கழகம் இரண்டு நாள் போட்டிக்காக வாங்கி முடிப்பது நடக்கிற காரியமில்லை. நீங்கள் மீறி வைத்தால் பேனரில் இருக்கும் பெயர் கடையினுடையது, கேள்வியும் முதலில் கடைக்குத்தான் போகும். கல்லூரிச் சுவருக்குள் என்ன தர முடியுமோ அதை மட்டும் எழுதுங்கள்.

இனி, யார் பார்ப்பார்கள் என்பது. 'ஆயிரக்கணக்கான பார்வையாளர்கள்' என்று எழுதுவது எல்லோருக்கும் கைவந்த பழக்கம். கடைக்காரர் தினமும் கூட்டத்தை எண்ணிப் பிழைப்பவர். தன் கடைக்குள் ஒரே நேரத்தில் எத்தனை பேர் நிற்க முடியும் என்று அவருக்குத் தெரியும், கல்லூரி மைதானத்தையும் அவர் பார்த்திருப்பார். போன ஆண்டு இறுதியாட்டத்தில் எடுத்த படத்தைப் பெரிதாக்கித் தலைகளை எண்ணி, 'இறுதியாட்டத்துக்குச் சுமார் 400 பேர், மற்ற ஆட்டங்களுக்கு 100 முதல் 150 பேர்' என்று எழுதினால் அந்த எண்ணை நம்புவார். அந்த ஓர் எண்ணை நம்பினால் கடிதத்தின் மற்ற வரிகளையும் நம்புவார். அதோடு, வருபவர்கள் யார் என்பதும் வேண்டும். நம் உதாரணத்தில் வருபவர்களில் பெரும்பகுதி 18 முதல் 22 வயது ஆண்கள். நகைக்கடைக்கு இவர்கள் வாடிக்கையாளர் ஆக இன்னும் காலம் இருக்கிறது. ஆண்கள் ரெடிமேட் கடைக்கு இவர்கள்தான் தீபாவளி. ஆகவே நம் கடிதம் கடைவீதியில் உள்ள ஒரு நடுத்தர ரெடிமேட் கடைக்குப் போகிறது.

அந்தக் கடைக்கு என்ன கிடைக்கும் என்று நேர்மையாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆட்ட அட்டவணை அட்டையின் பின்பக்கத்தில் பத்து சதவீதத் தள்ளுபடிச் சீட்டு அச்சடிக்கிறோம். அட்டவணை என்பதால் யாரும் உடனே கீழே போடமாட்டார்கள், சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்கள். 600 அட்டைகள் கொடுத்ததில் 45 பேர் தீபாவளிக்குள் சீட்டோடு கடைக்குப் போகிறார்கள் என்று வைப்போம். ஒருவர் 1,200 ரூபாய்க்கு வாங்கினால் விற்பனை 54,000. கடையின் லாபம் நூற்றுக்கு 25 என்றால் 13,500. தள்ளுபடியில் 5,400 போக மிச்சம் 8,100. சீட்டு வழியாக மட்டும் கடைக்குத் திரும்பி வருவது அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்டால் இரண்டு விஷயங்கள் தெளிவாகும். ஒன்று, ஐம்பதாயிரம் கேட்பது ஏன் எடுபடாது என்பது. இன்னொன்று, 'உங்கள் விற்பனை பெருகும்' என்று ஏன் உறுதி சொல்லக் கூடாது என்பது. மீதித் தொகைக்கு அவர் வாங்குவது ஒரு பெயர்ப் பரிச்சயம்: எட்டுக் கல்லூரி மாணவர்களின் கைபேசிப் படங்களில் அவர் கடைப்பெயர் நிற்பது. அதற்கு அவர் எவ்வளவு மதிப்புக் கொடுப்பார் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். நம் கழகம் கேட்பது 18,000. இதில் நெட் பட்டித் துணி, இரண்டு பலகை, சீட்டு அச்சு ஆகியவற்றுக்கு 3,000 போகும். விளம்பரம் தருவதற்கே செலவு உண்டு என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. போட்டி முடிந்து பார்த்தால் பணம் குறையும்.

ஆக, கடையிலிருந்து போட்டிக்குச் சேர்வது 15,000. ஒரு நாள் மதியச் சாப்பாட்டை, அதாவது 13,000 ரூபாய்ப் பெறுமானத்தை, பொருளாகவே தர ஒரு உணவகத்தைக் கேட்கலாம். பணம் தர யோசிக்கும் ஓட்டல்காரர் சாப்பாடு தரத் தயங்கமாட்டார், அவருக்கு அதன் அடக்க விலை குறைவு. மிச்சம் 24,000. முதற்பரிசையும் கோப்பையையும் தன் பெயரில் வழங்க ஓர் இருசக்கர வாகன ஷோரூமுக்கு இன்னொரு கடிதம் போகிறது. மூன்று கடிதங்களிலும் ஒரே வாசகம் இருக்க முடியாது, ஏனென்றால் மூவரும் வாங்குவது வெவ்வேறு சரக்கு. ரெடிமேட் கடைக்கான கடிதம் இப்படி அமையலாம்.

கல்லூரியின் பெயர் அச்சிட்ட தாளில்:

'நாள்: ஆகஸ்ட் 19

பெறுநர்: உரிமையாளர் அவர்கள், (கடையின் பெயர்), கடைவீதி.

பொருள்: கல்லூரிகளுக்கிடையேயான கைப்பந்துப் போட்டியில் தங்கள் கடைக்கு விளம்பர இடம் – ரூ.18,000.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

வரும் அக்டோபர் 9, 10 (வெள்ளி, சனி) இரு நாட்களும் எங்கள் கல்லூரி மைதானத்தில் எட்டுக் கல்லூரி அணிகள் கலந்துகொள்ளும் ஆண்கள் கைப்பந்துப் போட்டி நடைபெறுகிறது. தீபாவளிக்கு நான்கு வாரங்களுக்கு முன்பு நடக்கும் இப்போட்டியில், ரெடிமேட் ஆடைப் பிரிவின் ஒரே விளம்பரதாரராகத் தங்கள் கடை இடம்பெற வேண்டும் என்று விரும்புகிறோம்.

வீரர்கள், பயிற்சியாளர்கள், தொண்டர்கள் 130 பேர். கடந்த ஆண்டு இறுதியாட்டத்தைச் சுமார் 400 பேரும், மற்ற ஆட்டங்களை 100 முதல் 150 பேரும் பார்த்தனர். பெரும்பாலோர் 18 முதல் 22 வயது மாணவர்கள். கடந்த ஆண்டுப் படங்கள் இரண்டை இணைத்துள்ளோம்.

தாங்கள் வழங்கும் ரூ.18,000க்கு நாங்கள் தருவது: இரு நாட்களும் நெட்டின் மேல்பட்டியில் இருபக்கமும் தங்கள் கடைப்பெயர், கூட்டத்துக்கு எதிர்ப்பக்கத்தில் 6 அடிக்கு 3 அடி அளவில் இரண்டு பலகைகள், ஒவ்வொரு ஆட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒலிபெருக்கியில் அறிவிப்பு, 600 ஆட்ட அட்டவணை அட்டைகளின் பின்பக்கத்தில் தங்கள் கடையின் தள்ளுபடிச் சீட்டு, பரிசளிப்பு மேடையில் தாங்களோ தங்கள் பிரதிநிதியோ ஒரு பரிசை வழங்குதல். அச்சடிக்கும் முன் அனைத்தின் மாதிரியையும் தங்களிடம் காட்டி ஒப்புதல் பெறுவோம்.

இத்தொகை நடுவர் ஊதியத்துக்கும், மைதானம், பந்துச் செலவுகளுக்கும் பயன்படும். மழையால் போட்டி தள்ளிப்போனால் புதிய தேதியிலும் இதே ஏற்பாடுகள் தொடரும். போட்டியே நடைபெறாவிட்டால், அதுவரை அச்சுக்குச் செலவானது போக மீதத்தைத் திருப்பித் தருவோம்.

தொகையைக் கல்லூரியின் விளையாட்டு நிதி வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டுகிறோம். விளம்பரத்துக்கான ரசீது அன்றே வழங்கப்படும். போட்டி முடிந்த பத்து நாட்களுக்குள், படங்களும் வரவு செலவும் அடங்கிய ஒரு பக்க அறிக்கையை நேரில் தருவோம்.

செப்டம்பர் 5க்குள் தங்கள் முடிவைத் தெரிவித்தால் அச்சு வேலைக்கு வசதியாக இருக்கும். ஆகஸ்ட் 26 அன்று காலை மீண்டும் வந்து தங்களைச் சந்திக்கிறோம்.

இப்படிக்கு, கழகச் செயலாளர் (மாணவர்), உடற்கல்வி இயக்குநர், முதல்வர்.'

இவ்வளவும் ஒரே பக்கத்தில் அடங்கும். கல்லூரியின் வரலாறு, அணி வென்ற கோப்பைகளின் பட்டியல், உடல் நலமும் விளையாட்டும் பற்றிய முன்னுரை எதுவும் இதில் இல்லை. தேவையானால் பின்னிணைப்பாக ஒரு தாள் வைக்கலாம். தொகை 'பொருள்' வரியிலேயே வந்துவிட்டதைக் கவனியுங்கள். பணத்தைக் கடைசி வரியில் தயங்கித் தயங்கிச் சொல்வதால் யாருக்கும் பயனில்லை. கடைக்காரர் அதைத்தான் முதலில் தேடுவார்.

'விளம்பரத்துக்கான ரசீது' என்ற சொற்கள் காரணத்தோடு எழுதப்பட்டவை. வியாபாரத்துக்காகச் செய்யும் விளம்பரச் செலவைக் கடை தன் செலவுக் கணக்கில் எழுதி, வருமான வரிக்கு முன் லாபத்திலிருந்து கழிக்கலாம். நன்கொடை என்றால் கதை வேறு. வாங்கும் அமைப்புக்கு அதற்கான வரிச்சலுகை அங்கீகாரம் இருக்க வேண்டும். இருந்தாலும் புதிய வரி முறையில் இருக்கும் தனிநபர் வியாபாரிக்கு அந்தச் சலுகை கிடையாது. இன்னொன்று, ஒரே நாளில் ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவை வரிக் கணக்கில் ஏற்கமாட்டார்கள். அதனால்தான் வங்கிக் கணக்கு. செயலாளர் தன் சொந்த கைபேசி எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொன்னால் கடையின் ஆடிட்டர் அதைச் செலவாக எழுத யோசிப்பார், கடைக்காரருக்கும் மனதில் ஓர் உறுத்தல் வரும். கடை கூட்டுப் பங்கு நிறுவனமாகவோ கம்பெனியாகவோ இருந்தால், ஸ்பான்சர் தொகைக்கு ஜி.எஸ்.டி.யை யார் கட்டுவது என்பதில் தனி விதி இருக்கிறது. வரிப் பொறுப்பு கடையின் பக்கம் விழலாம். கடிதத்தில் தொகை எழுதும் முன் கல்லூரியின் ஆடிட்டரிடம் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

'ஒரே விளம்பரதாரர்' என்று எழுதியதும் அப்படித்தான். எதிர்க்கடைப் பெயர் பக்கத்துப் பலகையில் இருந்தால் கொடுத்த பணத்துக்குப் பாதி மதிப்புதான். ஆனால் எழுதியபின் அதைக் காப்பாற்ற வேண்டும். கழகத்தில் இருவர் தனித்தனியாகக் கடை ஏறி, ஒருவர் இந்த ரெடிமேட் கடையிலும் மற்றவர் எதிர்க்கடையிலும் சரி சொல்லிவிட்டு வந்தால் பிறகு அவிழ்க்க முடியாது. எந்தத் தொழிலுக்கு யார், எந்தக் கடைக்கு எந்த மாணவர் என்பதை ஒரே நோட்டில் எழுதிவைத்துவிட்டுத்தான் கல்லூரி வாசலைத் தாண்ட வேண்டும்.

தேதியிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆடித் தள்ளுபடி நடக்கும்போது ஜவுளி வியாபாரிக்கு நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது. செப்டம்பர் நடுவில் போனால் தீபாவளி விளம்பரத்துக்கான பணத்தைக் கேபிளுக்கும் துண்டறிக்கைக்கும் பிரித்துக் கொடுத்து முடித்திருப்பார். ஆடி முடிந்த அந்த ஆவணி முதல் வாரம்தான் சரியான நேரம். அன்றைய பொழுதும் முக்கியம். காலையில் கடை திறந்து, சாமி கும்பிட்டு, முதல் போணி ஆனபின் ஒரு மணி நேரம் கடை ஓய்வாக இருக்கும். மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ போய் வாடிக்கையாளர்களுக்கு நடுவே நின்றால், கல்லாவில் இருப்பவர் கடிதத்தை வாங்கி வைத்துவிட்டு அனுப்பிவிடுவார்.

இரண்டு மாணவர்களும் பி.டி. சாரும் போனால் போதும். பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் போகும்.

"வாங்க தம்பி. என்ன, டொனேஷனா?"

"இல்லீங்கய்யா. எங்க டோர்னமென்ட்ல உங்க கடைக்கு விளம்பரத்துக்கு ஒரு இடம் இருக்கு. படம் கொண்டுவந்திருக்கோம், பாருங்க."

"போன வருஷம் ஒரு காலேஜ் பசங்க வாங்கிட்டுப் போனாங்க. அப்புறம் ஆளையே காணோம்."

"அதுக்குத்தான்யா, முடிஞ்ச பத்து நாள்ல படத்தோட அறிக்கை தர்றோம்னு லெட்டர்லயே எழுதியிருக்கோம். பிரின்சிபால் கையெழுத்து இருக்கு. ஆபீஸ் நம்பருக்குப் போட்டுக் கேளுங்க."

"பதினெட்டெல்லாம் ஜாஸ்திப்பா. பன்னிரண்டு தர்றேன்."

இங்கே மாணவர்கள் வழக்கமாகச் சந்தோஷப்பட்டுத் தலையாட்டிவிடுவார்கள். விலையைக் குறைத்துச் சரக்கை அப்படியே கொடுத்தால், முதலில் சொன்ன விலை சும்மா சொன்னது என்று ஆகிவிடும். அடுத்த ஆண்டு பேரம் எட்டாயிரத்தில் தொடங்கும். "பன்னிரண்டுன்னா சரிங்கய்யா. பலகை, சீட்டு, மைக் அறிவிப்பு உங்களுக்கு இருக்கும். நெட் பட்டியை மட்டும் வேற ஒரு கடைக்குக் கொடுத்துக்கிறோம்" என்று மரியாதையோடு சொன்னால் அவருக்குப் புரியும். அவரும் தினமும் அதே பேரத்தைத்தான் மறுபக்கம் நின்று செய்கிறார். சில நேரம் அந்த இடத்திலேயே பதினெட்டுக்கு வந்துவிடுவார். வராவிட்டாலும் பன்னிரண்டுக்கு உரியதைக் கொடுத்துவிட்டு, பட்டியை வேறு தொழில் செய்பவரிடம் விற்கலாம்.

எல்லாப் பணமும் வாங்கத்தக்க பணம் இல்லை. 2003ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டம் புகையிலைப் பொருட்களின் விளம்பரத்தையும் அவை தரும் ஸ்பான்சரையும் தடுக்கிறது. கல்லூரிக்கு நூறு கஜத்துக்குள் அவற்றை விற்கவே கூடாது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளின் கதை அண்மையது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அவற்றைத் தடைசெய்து சட்டம் இயற்றியதும், இந்திய கிரிக்கெட் அணியின் சீருடையில் இருந்த ட்ரீம்11 விலகிக்கொண்டது. அப்படிப்பட்ட செயலிகளின் உள்ளூர் முகவர்கள் கல்லூரிக் கழகங்களைத் தேடி வந்தால், தொகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் முதல்வரின் மேசைக்கு அந்தப் பேச்சு போக வேண்டியதே இல்லை.

பணம் வந்தபின் தவறக்கூடியவை பெரும்பாலும் அச்சில்தான் தவறும். கடையின் பெயர்ப்பலகையைக் கைபேசியில் படம் எடுத்து அதையே அச்சகத்தில் கொடுத்தால் எழுத்து மங்கும், இழுபடும், நிறம் மாறும். கடைக்கு விளம்பரம் வடிவமைத்துத் தருபவரிடம் மூலக்கோப்பைக் கேட்டு வாங்க வேண்டும், பெரும்பாலும் அது பிடிஎஃப் ஆகவோ கோரல் டிரா கோப்பாகவோ இருக்கும். பெயரில் எழுத்துப்பிழை இல்லை என்று கடைக்காரர் மாதிரித் தாளிலேயே கையெழுத்திட்டுத் தந்தபின் அச்சுக்குப் போகட்டும். ஒலிபெருக்கியில் பேசுபவருக்கும் கடைப்பெயரை எப்படிச் சொல்வது என்பதை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஆட்டச் சூட்டில் அவர் அறிவிப்பை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள ஒரு மாணவரை மைக் பக்கத்தில் உட்கார வைப்பது நல்ல ஏற்பாடு.

போட்டி நடக்கும்போதே அறிக்கைக்கான படங்களை எடுத்துவிட வேண்டும். நெட் பட்டி தெரியும் ஸ்மாஷ் படம் ஒன்று, பலகையும் கூட்டமும் சேர்ந்து தெரியும் படம் ஒன்று, கடைக்காரர் பரிசு கொடுக்கும் படம் ஒன்று. முடிந்தபின் தேடினால் இந்த மூன்றும் பெரும்பாலும் கிடைக்காது, வெற்றி பெற்ற அணியின் படம்தான் நூறு இருக்கும். ஒரு பக்க அறிக்கையில் இந்தப் படங்களுடன், வந்த கூட்டத்தின் எண்ணிக்கை, தந்த அட்டைகளின் எண்ணிக்கை, 18,000 எதற்குச் செலவானது என்ற சுருக்கம் ஆகியவை இருந்தால் போதும். சொன்னதில் ஏதாவது நடக்கவில்லை என்றால் அதையும் எழுத வேண்டும். ஒரு பலகை இரண்டாம் நாள் காற்றில் கிழிந்திருந்தால், அறிக்கையில் அது இருப்பது கடைக்காரர் வேறு யாரோ சொல்லிக் கேட்பதைவிட மேல். தீபாவளி முடிந்த வாரத்தில் இன்னொரு முறை கடைக்குப் போய் எத்தனை சீட்டுகள் திரும்பி வந்தன என்று கேட்டு எண்ணிக்கொள்ள வேண்டும். நாம் நினைத்த 45 இருபதாகவும் இருக்கலாம், எண்பதாகவும் இருக்கலாம். எதுவானாலும் அடுத்த ஆண்டு விலை வைக்க இதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

கல்லூரிக் கழகத்துக்கு மட்டுமே உள்ள ஒரு தொல்லை, செயலாளர் ஆண்டுதோறும் மாறுவது. மூன்றாம் ஆண்டு மாணவர் ஏப்ரலில் போய்விடுவார், யாரிடம் என்ன பேசினோம் என்பதும் அவரோடு போய்விடும். பி.டி. சாரின் அலமாரியில் இருக்கும் அந்த நோட்டில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, யார் போனார்கள், என்ன கேட்டோம், என்ன தந்தார், என்ன குறை சொன்னார், சீட்டு எத்தனை திரும்பியது என்று எழுதி வையுங்கள். மறுத்தவர்களுக்கும் ஒரு பக்கம் வேண்டும். 'ஆவணியில் முடியாது, பங்குனியில் வாருங்கள்' என்று சொன்ன பாத்திரக் கடைக்காரரின் பேச்சு அதில் இருந்தால், பிப்ரவரியிலேயே அவருக்கான கடிதத்தை எழுதத் தொடங்கிவிடலாம்.